மின்னூட்டப் பெருக்கி எதைப் பெருக்குகிறது?

‘சார்ஜ் ஆம்ப்ளிஃபையர்’ என்பதைத் தமிழில் ‘மின்னூட்டப் பெருக்கி’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அண்மையில் படித்த ஒரு பாடக்குறிப்பு அதோடு நிற்கவில்லை. உணரி தரும் சிறிய மின்னூட்டத்தை இந்தச் சுற்று பல மடங்காக்கி வெளியே அனுப்புகிறது என்று விளக்கமும் சொன்னது. இந்தச் சுற்று மின்னூட்டத்தைப் பல மடங்காக்குவதே இல்லை. விளக்கம் பிழையானதற்குப் பெயர்தான் காரணம்.

சொல்வரலாறு சுருக்கமானது. ‘சார்ஜ்’ என்பதன் வேர், வண்டியில் சுமை ஏற்றுவதைக் குறித்த லத்தீன் சொல். ‘ஆம்ப்ளிஃபை’ என்றால் பெரிதாக்குதல், அதுவும் லத்தீனிலிருந்து வந்ததே. இந்தச் சுற்றோடு இணையும் உணரியின் பெயரில் வரும் ‘பீசோ’ கிரேக்கம், அழுத்துதல் என்று பொருள். படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதை கியூரி சகோதரர்கள் 1880இல் காட்டினார்கள். அந்த மின்னூட்டத்தை அளக்கும் இந்தச் சுற்றுக்கு வால்டர் கிஸ்லர் 1950இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார்.

சரி, சுற்று என்ன செய்கிறது? உணரியின் ஒரு முனை ஆப்-ஆம்பின் எதிர் உள்ளீட்டில் சேர்கிறது. அந்த உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ஒரு மின்தேக்கி, அதுதான் பின்னூட்ட மின்தேக்கி. ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டை நகர்த்தி நகர்த்தி, உள்ளீட்டு முனையைச் சுழி வோல்ட்டிலேயே பிடித்து வைக்கிறது. அதனால் உணரியில் பிறந்த மின்னூட்டம் உணரியிலும் தங்குவதில்லை, கேபிளிலும் தங்குவதில்லை. அவ்வளவும் பின்னூட்ட மின்தேக்கியில் போய்ச் சேர்கிறது. வெளியீட்டில் கிடைப்பது அந்த மின்தேக்கியின் மின்னழுத்தம்:

```
V = -Q / Cf
```

உணரி தந்த மின்னூட்டம் எவ்வளவோ அவ்வளவேதான் மின்தேக்கியில் இருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீரைக் குறுகலான குழாயில் ஊற்றினால் மட்டம் உயரமாக நிற்கும், அகலமான தொட்டியில் ஊற்றினால் தாழ நிற்கும். இரண்டிலும் தண்ணீர் அதே ஒரு செம்புதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு முடுக்க உணரி, 1 ஜி முடுக்கத்துக்கு 100 பிக்கோகூலூம் தருகிறது. அதன் சொந்த மின்தேக்குதிறன் 1000 பிக்கோஃபாரட். எதனோடும் இணைக்காமல் விட்டால் அதன் முனைகளில் 1 ஜிக்கு 100 மில்லிவோல்ட் தோன்றும். இப்போது பின்னூட்ட மின்தேக்கியையும் 1000 பிக்கோஃபாரட்டாகவே வைத்தால், சுற்றின் வெளியீடும் 100 மில்லிவோல்ட். ஒன்றுமே பெருகவில்லை. பத்து மடங்கு பெரிய மின்தேக்கி போட்டால் வெளியீடு 10 மில்லிவோல்ட்டாகக் குறைகிறது. அப்போதும் இதே சுற்றுதான், இதே பெயர்தான், பயனும் இருக்கத்தான் செய்கிறது. குறைத்துத் தரும்போதும் ‘பெருக்கி’ என்று அழைக்க வேண்டியிருந்தால் அந்தப் பெயரில் கோளாறு.

பிறகு எதற்கு இந்தச் சுற்று? கேபிளுக்காக. மேலே சொன்ன உணரியைச் சாதாரண மின்னழுத்தப் பெருக்கியோடு 3 மீட்டர் கேபிளில் இணைத்தோம் என்று வையுங்கள். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்றால் கேபிள் 300 பிக்கோஃபாரட். அதே மின்னூட்டம் இப்போது 1300 பிக்கோஃபாரட்டில் பரவி, 1 ஜிக்கு 77 மில்லிவோல்ட்தான் தரும். கேபிளை 10 மீட்டராக்கினால் 50. கேபிளை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். பின்னூட்ட மின்தேக்கி உள்ள சுற்றில் இரண்டு கேபிளுக்கும் 100 மில்லிவோல்ட்தான். நீளமான கேபிள் இரைச்சலைக் கூட்டும், ஆனால் அளவை அசைக்காது.

பெருக்கி என்பவர்களின் முதல் வாதம், ஆங்கிலத்திலேயே அப்படித்தானே இருக்கிறது என்பது. ஆங்கிலச் சொல்லுக்கு அங்கே ஒரு நியாயம் உண்டு. உணரி தர முடியாத மின்திறனை இந்தச் சுற்று தன் மின்வழங்கியிலிருந்து எடுத்துச் சேர்க்கிறது, அப்படிச் சேர்க்கும் சுற்றுகளை எல்லாம் பொறியாளர்கள் அந்தச் சொல்லால் அழைத்துப் பழகிவிட்டார்கள். தமிழில் ‘பெருக்கு’ என்றதும் வாசகர் மனத்தில் வருவது பெருக்கல். ‘மின்னூட்டப் பெருக்கி’ என்ற தொகையை அவர் ‘மின்னூட்டத்தைப் பெருக்குவது’ என்றுதான் விரிப்பார். வேறு எப்படி விரிக்க முடியும்?

இரண்டாவது வாதம், ‘கெய்ன்’ என்ற அளவு இருக்கிறதே, அது பெருக்கம்தானே என்பது. அந்த அளவின் அலகைப் பாருங்கள். பிக்கோகூலூமுக்கு இத்தனை மில்லிவோல்ட். மேலே உள்ள சுற்றில் 1. உள்ளே போவது ஓர் அளவு, வெளியே வருவது வேறோர் அளவு. இதைப் ‘பெருக்கம் 1’ என்று எழுதினால் மாணவர் ஒன்றால் பெருக்குவதாக நினைத்துக்கொள்வார். ‘மாற்று வீதம்’ என்று எழுதினால் அலகையும் கேட்டு வாங்குவார்.

‘மின்னேற்றப் பெருக்கி’ என்று எழுதுவோரும் உண்டு. அதில் பழைய குழப்பத்தோடு, பேட்டரிக்கு மின்னேற்றும் கருவியோ என்ற புதுக் குழப்பமும் சேர்கிறது. ‘மின்னூட்டத் தொகுப்பி’ பிழையில்லை. உணரியின் மின்னோட்டத்தைத் தொகுத்துத் தருவது உண்மைதான். ஆனால் சுற்றின் பயனை அது சொல்வதில்லை. நான் எழுதுவது ‘மின்னூட்ட–மின்னழுத்த மாற்றி’. நீளம்தான். ஒரு முறை முழுதாக எழுதிவிட்டு அப்புறம் ‘மின்னூட்ட மாற்றி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். சொல்லைச் சொல்லுக்கு வைத்து நகர்கிற மொழிபெயர்ப்பாளர், சுற்றுப்படத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் இந்த இடத்தில் தயங்கியிருப்பார்.

அதே தயக்கம் இல்லாததால் வந்த இன்னொன்று, ‘கசிவு மின்தடை’. பின்னூட்ட மின்தேக்கிக்கு இணையாக நாம் வேண்டுமென்றே போடும் பெரிய மின்தடையை அப்படி எழுதுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஆப்-ஆம்பின் உள்ளீட்டு மின்னோட்டம் மின்தேக்கியில் சேர்ந்துகொண்டே போகும். 10 பிக்கோஆம்பியர்தான் என்றாலும், 1 நானோஃபாரட்டில் நொடிக்கு 10 மில்லிவோல்ட் ஏறும். கால்மணி நேரத்துக்குள் 9 வோல்ட், அப்புறம் வெளியீடு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 1 கிகாஓம் மின்தடை போட்டால் அந்த ஏற்றம் 10 மில்லிவோல்ட்டில் நின்றுவிடும்.

இதற்கு விலை உண்டு. மெதுவான மாற்றங்களும் அதே வழியாக வடிந்துவிடும். எல்லை அதிர்வெண்:

```
f = 1 / (2π Rf Cf)
```

1 கிகாஓம், 1 நானோஃபாரட் என்றால் கால மாறிலி 1 நொடி, எல்லை 0.16 ஹெர்ட்ஸ். வெளியீட்டைப் பெரிதாக்க மின்தேக்கியை 100 பிக்கோஃபாரட்டாகக் குறைத்தால் வெளியீடு பத்து மடங்காகும், எல்லையும் 1.6 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். மின்தடையையும் 10 கிகாஓமாக உயர்த்தினால்தான் பழைய எல்லை திரும்பும், நிலையான பிழையும் அதோடு பத்து மடங்காகும்.

உண்மையான கசிவு வேறு. சாலிடர் பசையும் விரல் ஈரமும் பலகையில் படிந்து, அந்த மின்தடைக்குக் குறுக்கே 100 மெகாஓம் பாதை உண்டாக்கினால் எல்லை 0.16இலிருந்து 1.75 ஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும். கண்டுபிடிப்பது எளிது. 1 நானோஃபாரட் மின்தேக்கி வழியாக 1 வோல்ட் படியை உள்ளே கொடுங்கள். வெளியீடு 1 வோல்ட்டுக்குத் தாவி, 1 நொடியில் 37 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். பத்தில் ஒரு நொடியிலேயே இறங்கிவிட்டால் எங்கோ கசிகிறது, பலகையைக் கழுவி உலர்த்த வேண்டும்.

நாம் போட்டதற்கும் அழுக்கு போட்டதற்கும் ஒரே பெயர் இருந்தால், ‘கசிவு மின்தடையைச் சரிபார்க்கவும்’ என்ற வரியைப் படிப்பவர் எதைத் தொடுவார்? நாம் போட்டதை ‘வடிப்பு மின்தடை’ என்போம், அழுக்கு போட்டதற்கு மட்டும் ‘கசிவு’ என்பதை விட்டுவைப்போம்.