முதலும் கடைசியும் ஜோடி சேரும்போது: கூட்டுத் தொடரில் எங்கே சறுக்குகிறது?

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. கூட்டுத் தொடரின் கூடுதல் கேட்டிருப்பார்கள். மாணவர் S = n/2 × (a + l) என்ற சூத்திரத்தை அழகாக எழுதியிருப்பார். முதல் உறுப்பு a சரியாக இருக்கும், கடைசி உறுப்பு l சரியாக இருக்கும். உறுப்புகளின் எண்ணிக்கையான n மட்டும் ஒன்று குறைந்திருக்கும். அதற்குப் பின் எவ்வளவு கவனமாகப் பெருக்கினாலும் விடை தப்புதான்.

சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தவர்கள் இந்த இடத்தில் அவ்வளவாகச் சறுக்குவதில்லை. வந்த வழி ஒன்றும் கடினமானதல்ல. எண்களை ஜோடி சேர்ப்பது, அவ்வளவுதான். அதனால் சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவோம்.

3, 7, 11, 15, 19, 23 என்ற ஆறு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 4 வித்தியாசம். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டினால் 3 + 23 = 26. இரண்டாவதையும் கடைசிக்கு முந்தையதையும் கூட்டினால் 7 + 19 = 26. நடுவில் மிஞ்சிய இரண்டு, 11 + 15, அதுவும் 26. மூன்று ஜோடி, ஒவ்வொன்றும் 26, ஆக மொத்தம் 78.

எல்லா ஜோடியும் ஏன் 26-ஆகவே வருகிறது? இதை மாணவர்கள் தானாகக் கேட்பது அபூர்வம். நாம்தான் கேட்கவைக்க வேண்டும். இடது பக்கத்திலிருந்து ஓர் எண் உள்ளே நகர்ந்தால் 4 கூடுகிறது. வலது பக்கத்திலிருந்து ஓர் எண் உள்ளே நகர்ந்தால் அதே 4 குறைகிறது. கூடியதும் குறைந்ததும் சமமாகிவிடுவதால் ஜோடியின் கூடுதல் மாறுவதில்லை. இந்த முறை முழுவதும் நிற்பது இந்த ஒரு காரணத்தின் மேல்தான். வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லையென்றால் இது நிற்காது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது வரிசையில் 27-ஐயும் சேர்ப்போம். 3, 7, 11, 15, 19, 23, 27 என ஏழு எண்கள். 3 + 27 = 30, 7 + 23 = 30, 11 + 19 = 30. நடுவில் 15 தனியாக நிற்கிறது. ஆரம்பநிலையில் இருப்பவர்கள் திகைப்பது இங்கேதான். "ஏழில் பாதி மூன்றரை ஜோடி என்றால் என்ன சார் அர்த்தம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தனியாக நிற்கும் 15-ஐப் பாருங்கள், அது 30-இல் சரிபாதி. அதாவது அது அரை ஜோடி. மூன்று ஜோடிக்கு 90, அரை ஜோடிக்கு 15, மொத்தம் 105. சூத்திரத்தில் போட்டாலும் 3.5 × 30 = 105.

அரை ஜோடி என்ற பேச்சே பிடிக்கவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. அதே வரிசையைத் தலைகீழாக அடியில் எழுதுங்கள்.

```
 3   7  11  15  19  23  27
27  23  19  15  11   7   3
--------------------------
30  30  30  30  30  30  30
```

ஏழு நிரல், ஒவ்வொன்றிலும் 30, ஆக 210. வரிசையை இரண்டு முறை எழுதிவிட்டோம் என்பதால் பாதி எடுத்தால் 105. இப்படி எழுதும்போது எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்ற கவலையே இல்லை. 15 தன்னோடு தானே ஜோடி சேர்ந்துகொள்கிறது. சூத்திரத்தில் இருக்கும் ‘/2’ இந்தப் பாதிதான். கரும்பலகையில் முதலில் இதைப் போட்டுவிட்டு அப்புறம் சூத்திரத்துக்குப் போவதே எனக்குப் பிடித்த வரிசை.

இந்த இடத்தில் எல்லாரும் ஜெர்மானியக் கணித மேதை காஸின் கதையைச் சொல்வார்கள். வாத்தியார் 1 முதல் 100 வரை கூட்டச் சொல்ல, சின்னப் பையன் சட்டென்று 5050 என்று எழுதிக் கொடுத்த கதை. காஸ் பிறந்தது 1777-இல். இந்தச் சம்பவத்தை அவருடைய நண்பர் சார்டோரியஸ் 1856-இல் வெளிவந்த நினைவு நூலில் எழுதினார். அதில் ஒரு கூட்டுத் தொடர் என்றுதான் இருக்கிறது, 1 முதல் 100 வரை என்ற விவரம் இல்லை. அது பின்னால் சேர்ந்துகொண்டது. எப்படியும் முறை காஸுக்கு மிகவும் முந்தையது. 499-ஐச் சேர்ந்த ஆர்யபட்டீயத்தின் கணிதபாதத்திலேயே, முதலையும் கடைசியையும் கூட்டி உறுப்புகளின் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கு என்ற விதி இருக்கிறது.

காஸ் கதையைவிட எனக்குப் பிடித்தது, எட்டாம் நூற்றாண்டு அறிஞர் அல்குயின் பெயரில் வழங்கும் ஒரு புதிர். நூறு படி உள்ள ஏணி. முதல் படியில் ஒரு புறா, இரண்டாவதில் இரண்டு, இப்படியே நூறாவது படியில் நூறு புறாக்கள். மொத்தம் எத்தனை? அங்கே தரும் தீர்வு முதலையும் கடைசியையும் சேர்ப்பதில்லை. 1-ஐ 99-உடனும், 2-ஐ 98-உடனும் சேர்த்து நூறு நூறாகக் கட்டுகிறது. 49-ஐ 51-உடன் சேர்ப்பதோடு ஜோடிகள் முடிகின்றன, ஆக 49 ஜோடி, 4900. ஜோடி கிடைக்காத 50-ஐயும் 100-ஐயும் கூட்டினால் 5050. நூறு நூறாக எண்ணுவது மனக்கணக்குக்கு எளிது. ஆனால் மிஞ்சுவது எவை என்று கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1-உடன் 100-ஐச் சேர்த்தால் 101 என்ற சற்றே அசௌகரியமான எண் வந்தாலும், 50 ஜோடியில் ஒன்றும் மிஞ்சாது.

சரி, இப்போது அந்த n-க்கு வருவோம். தேர்வில் வழக்கமாக வரும் மாதிரியான கேள்வி: 100-க்கும் 300-க்கும் இடையே 7-ஆல் வகுபடும் எண்களின் கூடுதல் காண்க.

முதலில் இரண்டு முனைகளையும் பிடிக்க வேண்டும். 100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2, எனவே இன்னும் 5 சேர்த்தால் 105. அதுதான் முதல் உறுப்பு. 300-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 6. அதைக் கழித்தால் 294. அதுதான் கடைசி உறுப்பு. ஜோடியின் கூடுதல் 105 + 294 = 399.

அடுத்து, எத்தனை எண்கள்? 294 − 105 = 189. அதை 7-ஆல் வகுத்தால் 27. பாதிப் பேர் இங்கேயே நின்று n = 27 என்று எழுதிவிடுகிறார்கள். இந்த 27 எண்களின் எண்ணிக்கை அல்ல, எண்களுக்கு இடையே உள்ள தாவல்களின் எண்ணிக்கை. உங்கள் கையை விரித்துப் பாருங்கள், விரல் ஐந்து, இடைவெளி நான்கு. 27 தாவல் என்றால் எண்கள் 28. 14 ஜோடி, ஒவ்வொன்றும் 399, விடை 5586.

தப்பாக 27 என்று போட்டவருக்கு என்ன வந்திருக்கும்? 13.5 × 399 = 5386.5. முழு எண்களை மட்டுமே கூட்டினால் அரை எங்கிருந்து வரும்? வரவே வராது. அந்த .5 ஒன்றே n-ஐத் திரும்பப் பார் என்று சொல்லிவிடுகிறது. ஆனால் எப்போதும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. ஜோடியின் கூடுதல் இரட்டைப்படை எண்ணாக இருந்தால் தப்பான n-உம் முழு எண்ணையே தரும். மேலே பார்த்த 3 முதல் 27 வரையிலான வரிசையில் ஏழுக்குப் பதில் ஆறு என்று போட்டால் 90 வரும். பார்க்கச் சரியான விடை போலவே இருக்கும். அதனால் எண்ணிக்கையைத் தனியாகச் சரிபார்ப்பதுதான் பத்திரம். முதல் உறுப்பிலிருந்து (n − 1) தாவல் தாவினால் கடைசி உறுப்பில் போய் நிற்க வேண்டும். 105 + 27 × 7 = 294, சரியாக நிற்கிறது. 26 தாவல்தான் என்றால் 287-லேயே நின்றுபோவோம்.

கேள்வியின் சொற்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். 105-க்கும் 294-க்கும் இடையே என்று கேட்டால் அந்த முனைகள் இரண்டும் சேராது. 105 முதல் 294 வரை என்றால் சேரும். ஜோடி சேர்ப்பதற்கு முன்னால் முனைகள் எவை என்று எழுதிவைத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

இனி, எங்கே இது நிற்காது என்று சொன்னேனே, அது. மாதம் 1000 ரூபாய் வீதம் 12 மாதம், ஆண்டுக்கு 6 சதவீத வட்டிக்கு ஆர்.டி. கட்டுவதாக வைத்துக்கொள்வோம். தனிவட்டியாகக் கணக்கிட்டால், முதல் தவணைக்கு 12 மாத வட்டி, 60 ரூபாய். இரண்டாவதற்கு 11 மாத வட்டி, 55 ரூபாய். இப்படியே குறைந்து கடைசித் தவணைக்கு 5 ரூபாய். முதலும் கடைசியும் சேர்ந்தால் 65, அப்படி ஆறு ஜோடி, மொத்த வட்டி 390 ரூபாய்.

வங்கியில் முதிர்வுத் தொகை வாங்கியவர்கள் இதைவிடச் சற்றே கூடுதலாகக் கிடைத்ததைப் பார்த்திருப்பார்கள். ஆர்.டி.க்கு வழக்கமாகக் காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்க்கிறார்கள், அதாவது கூட்டுவட்டி. அப்போது ஜோடி என்ன ஆகிறது? மூன்று மாதம் இருக்கும் தவணைக்கு வட்டி 15 ரூபாய், ஆறு மாதத்துக்கு 30.23, ஒன்பது மாதத்துக்கு 45.68, பன்னிரண்டு மாதத்துக்கு 61.36. முதலும் கடைசியும் சேர்ந்தால் 76.36. நடுவில் உள்ள இரண்டும் சேர்ந்தால் 75.91. ஜோடிகள் ஒத்துப்போகவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தாவலும் முந்தையதைவிடச் சில காசு பெரிதாக இருக்கிறது. முதலையும் கடைசியையும் கூட்டி 2-ஆல் பெருக்கினால் 152.72 வரும். உண்மையான கூடுதல் 152.27.

வித்தியாசம் 45 காசுதான். ஆனால் சூத்திரம் எந்த எச்சரிக்கையும் தராது. எந்த நான்கு எண்ணைக் கொடுத்தாலும் ஒரு விடையைத் தந்துவிடும். எனவே கூட்டுவதற்கு முன் இரண்டு மூன்று இடங்களிலாவது அடுத்தடுத்த உறுப்புகளைக் கழித்துப் பாருங்கள். ஒரே வித்தியாசம் வருகிறதா என்று தெரிந்துவிடும். வெளி ஜோடியும் நடு ஜோடியும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. 1, 4, 6, 9 என்ற வரிசையில் 1 + 9 = 10, 4 + 6 = 10, ஜோடிகள் ஒத்துப்போகின்றன. மொத்தம் 20 என்பதும் சரிதான். ஆனால் வித்தியாசங்கள் 3, 2, 3, ஆகவே இது கூட்டுத் தொடர்வரிசை அல்ல. இதற்கு 'ஐந்தாவது உறுப்பு என்ன' என்று யாராவது கேட்டால் பொது வித்தியாசத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது.