அறை எந்தப் பக்கம் பார்க்கிறது? சென்னையில் தங்க ஏரியா தேடும் கணக்கு

கிண்டியில் மூன்று வாரப் பயிற்சி. காலை ஒன்பதுக்குப் போய் இரவு ஒன்பதுக்குத் திரும்ப வேண்டும். ஊரிலிருந்து வருபவரின் கையில் மூன்று இடங்கள்: மேற்கு மாம்பலத்தில் தண்டவாளத்தைப் பார்த்த அறை, அசோக் நகரில் நூறடி ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே ஓர் அறை, மயிலாப்பூர் மாட வீதி அருகே ஓர் அறை. வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். அமைதி, போக்குவரத்து, பாதுகாப்பு, சாப்பாடு என்று நான்குக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்வது.

இந்த வரிசையிலேயே போட்டால் மாம்பலத்துக்கு 2, 10, 8, 10. அசோக் நகருக்கு 7, 7, 8, 7. மயிலாப்பூருக்கு 6, 4, 8, 10. கூட்டினால் முறையே 30, 29, 28. மாம்பலம் ஜெயிக்கிறது. மூன்றாம் நாள் காலை சிவந்த கண்ணோடு வேறு அறை தேடுவதும் இப்படித்தான் தொடங்குகிறது.

கூட்டல் கணக்கில் ஒன்றின் கடனை இன்னொன்று அடைத்துவிடும். வாசலிலேயே நல்ல மெஸ் இருப்பதால் தூக்கத்தில் விழுந்த ஓட்டை மறைந்துபோகிறது. ஆனால் உடம்பு அப்படிக் கணக்கு வைப்பதில்லை. எத்தனை இட்லி சாப்பிட்டாலும் போன தூக்கம் வராது. அதனால் கூட்டாமல் பெருக்கிப் பாருங்கள். மாம்பலம் 1600, அசோக் நகர் 2744, மயிலாப்பூர் 1920. கடைசியில் இருந்த மயிலாப்பூர்கூட மாம்பலத்தைத் தாண்டிவிட்டது. பெருக்கலில் ஒரு சின்ன எண் மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும். ஒரு குறை மற்ற எல்லாவற்றையும் கெடுக்கும் இடங்களில் இந்தக் கணக்குதான் பொருந்தும். பூஜ்யம் மட்டும் போடக் கூடாது. பூஜ்யம் போடும் அளவுக்கு ஏதாவது இருந்தால் அந்த அறையைக் கணக்குக்கே கொண்டுவர வேண்டாம்.

மாம்பலத்துக்கு அமைதியில் ஏன் 2? மதிப்பெண்ணை மனம்போன போக்கில் போட்டால் கணக்கு எதற்கும் உதவாது. ஒலி மட்டும்தான் இந்த நான்கில் கருவி வைத்து அளக்கக்கூடியது, ஆட்கள் அதிகம் ஏமாறுவதும் அதில்தான்.

இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. இவை சராசரி அளவுகள். சராசரி தூக்கத்தைப் பற்றிப் பாதிதான் சொல்லும். ஒரு மணி நேரத்தில் 59 நிமிடம் 50 டெசிபல், ஒரே ஒரு நிமிடம் ரயில் போகும் சத்தம் 80 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாகச் சராசரி எடுத்தால் 50.5 வரும். டெசிபல் மடக்கை அளவு என்பதால் ஒலி ஆற்றலைத்தான் சராசரி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் 62-ஐத் தாண்டுகிறது. அந்த ஒரு நிமிடம் மணி முழுவதையும் 12 டெசிபல் தூக்கிவிட்டது. தூங்குபவரை எழுப்புவதும் அந்த நிமிடம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதலும் இதனால்தான் படுக்கையறைக்கு இரண்டு எண்களைச் சொல்கிறது: தொடர் ஒலி 30 டெசிபல், தனித்தனிச் சத்தங்களின் உச்சம் 45 டெசிபல்.

ஆகவே உச்சத்தை வைத்தே மதிப்பெண் போடலாம். இரவில் அறைக்குள் உச்சம் 35 டெசிபலுக்குள் இருந்தால் 10. அதற்கு மேல் ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் ஒன்று குறைக்கவும். 45-க்கு 8 கிடைக்கும், 75-க்கு 2. போனில் ஒலி அளக்கும் செயலி போதும். திரையில் `dBA` என்று இருக்க வேண்டும். `Lmax` என்பதுதான் உச்சம். சில டெசிபல் பிழை இருக்கும், ஆனால் மூன்று அறைகளையும் ஒரே போனில் அளந்தால் ஒப்பிடுவதற்கு அது குறுக்கே வராது. தலையணை வைக்கும் இடத்தில் போனை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை நீங்கள் தூங்கும்போது வைக்கும் நிலையில் வைத்து, இரவு 11 மணிக்குக் கால் மணி நேரம், விடியற்காலை 5 மணிக்குக் கால் மணி நேரம் அளக்கவும். பகல் 12 மணிக்கு அறை பார்த்து "அமைதியா இருக்கே" என்று அட்வான்ஸ் கொடுப்பதில்தான் தவறு நடக்கிறது. கடற்கரை–தாம்பரம் பாதையில் விடியற்காலை 4 மணியளவிலேயே ரயில் ஓடத் தொடங்கிவிடும்.

தூரம் நாம் நினைக்கும் அளவுக்கு உதவாது. வண்டிகள் ஓயாமல் ஓடும் சாலையிலிருந்து தூரம் இரட்டிக்கும்போது சுமார் 3 டெசிபல்தான் குறையும். பத்து மீட்டரில் இருப்பவர் நாற்பது மீட்டர் போனாலும் ஆறுதான் லாபம். ஆனால் இடையில் இடைவெளியில்லாமல் ஒரு வரிசைக் கட்டடம் நின்றால் பத்து டெசிபலோ அதற்கு மேலோ குறைந்துவிடும். காதுக்குப் பத்து டெசிபல் குறைவு என்பது ஏறக்குறையப் பாதிச் சத்தம். அசோக் நகர் அறை 7 வாங்கியது இரண்டு தெரு வீடுகள் நூறடி ரோட்டை மறைப்பதால். ஏசி இல்லாத அறையில் ஜன்னல் திறந்துதான் கிடக்கும், அதனால் அடைத்த ஜன்னல் தடுக்கும் சத்தத்தில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்தில் கவனிக்க வேண்டியது, நிலையம் அருகில் இருப்பதல்ல, அங்கிருந்து ரயில் எங்கே போகிறது என்பதுதான். மயிலாப்பூரில் திருமயிலை நிலையம் இருக்கிறது; ஆனால் அந்தப் பறக்கும் ரயில் பாதை கிண்டி வழியாகப் போவதில்லை. பஸ்தான் கதி, அதுவும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் சாலையைச் சுருக்கியிருக்கும் காலத்தில். அதனால்தான் 4. மாம்பலத்திலிருந்து சைதாப்பேட்டை, அடுத்தது கிண்டி, பத்துக்குப் பத்து. அசோக் நகரிலிருந்து மெட்ரோவில் ஏறினால் ஆலந்தூரில் மாற வேண்டும். மாறும்போது படியும் காத்திருப்பும் சேரும். நிலையத்துக்கு நடப்பதையும் சேர்த்தால் 7 நியாயம்.

பாதுகாப்புக்கு நிலையத்திலிருந்து அறைவரை கடைசி முந்நூறு மீட்டரை இரவு பத்து மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். மெடிக்கல் ஷாப்போ டீக்கடையோ திறந்திருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா என்பது போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் தரைத்தள அறையின் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த அறைக்கு மேலே சொன்ன பூஜ்யம். சாப்பாட்டுக்குச் சென்னையில் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். ஒன்பதரைக்குப் பிறகும் அடுப்பு எரிகிறதா, ஞாயிறு இரவு மெஸ் உண்டா என்று கேட்டால் போதும்.

இப்போது மாம்பலத்துக்குத் திரும்புவோம். அதே லாட்ஜில் பின்பக்க அறை கிடைத்தால்? கட்டடமே மறைப்பாக நின்று உச்சம் 75-லிருந்து 65-க்கு இறங்கும். அமைதி 2-லிருந்து 4 ஆகும். பெருக்கினால் 3200. அசோக் நகரின் 2744-ஐத் தாண்டிவிட்டது. ஏரியா மாறவில்லை, கதவு எண் மட்டும் மாறியது. சின்னச் சத்தத்துக்கே விழித்துக்கொள்பவர் அமைதி மதிப்பெண்ணை இரண்டு முறை பெருக்கட்டும்: மாம்பலம் 12,800, அசோக் நகர் 19,208. அவருக்கு அசோக் நகர்தான்.

பின்பக்கம் என்றதும் 4 போட்டுவிட வேண்டாம். ஜெனரேட்டர், பக்கத்துக் கட்டடத்து ஏசி வெளிப்பெட்டிகள், மெஸ் அடுப்படியின் புகைபோக்கி விசிறி எல்லாம் அங்கேதான் இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் பெரும்பாலும் அந்த ஜன்னலுக்குக் கீழேதான்.