சந்தைக் காட்சியில பின்னால நிக்கிற சனத்தை என்ன செய்ய வைக்கிறது?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு குறும்படத்துக்கு உதவி இயக்குநரா வேலை செய்யேக்க ஒரு சந்தைக் காட்சி எடுத்தனாங்கள். மரக்கறி வாங்க வந்த அம்மா ஒருத்தி கனகாலத்துக்குப் பிறகு தன்ர சிநேகிதியைக் காணுறா, ரெண்டுபேரும் ஒரு 40 செக்கன் கதைக்கினம், அவ்வளவுதான் காட்சி. பின்னால நிக்க ஊரில இருந்து 22 பேர் வந்திச்சினம். நான் அவையளுக்குச் சொன்னது ஒரே ஒரு வசனம்: "அக்சன் எண்டோன எல்லாரும் நடவுங்கோ."

முதல் டேக்கைப் பார்த்தா பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி அணிநடை மாதிரி இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில வெளிக்கிட்டு ஒரே வேகத்தில போகினம், ஒருத்தரும் ஒரு கடையிலயும் நிக்கேல்ல. பிழை அவையளில இல்லை, நடக்கச் சொன்னா நடப்பினம்தானே. சந்தைக்கு ஆரும் நடக்கப் போறேல்ல, ஏதோ ஒரு அலுவலாத்தான் போறது, அந்த அலுவலை நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்ல.

பிறகு ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுச் சொன்னன். வயசான ஒரு அக்காட்டச் சொன்னது, "வெண்டிக்காயை எடுத்து நுனியை முறிச்சுப் பாருங்கோ, மூண்டு நல்லா முறியும், நாலாவது முத்தல், அதை வைச்சிட்டு வாங்காமப் போங்கோ." அவ நடிக்கவே இல்லை, வீட்டுக்கு வாங்குற மாதிரியே செய்தா, எதிர இருந்த கடைக்கார ஐயாவுக்கு ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்ல, அவர் தன்பாட்டில முகத்தைச் சுளிச்சு முறிச்ச காயை அங்கால தள்ளி வைச்சார். ஒருத்தருக்கு வேலை குடுத்தா பக்கத்தில நிக்கிறவருக்கும் வேலை வந்திடும். எல்லாரும் அசையவும் தேவையில்லை, 22 பேரில ஒரு ஆறேழு பேர் சும்மா குந்தியிருந்து வெத்திலை போட்டாலோ தராசடியில காத்து நிண்டாலோதான் மற்றவையின்ர அசைவு கண்ணுக்கு அசைவாத் தெரியும்.

இன்னொண்டு, "அக்சன்" சொல்லேக்க சனம் வெளிக்கிட்டா சந்தை அப்பத்தான் துறந்த மாதிரி இருக்கும். முதல்ல பின்னுக்கு நிக்கிறவைக்குச் சொல்லி அவையின்ர அலுவலைத் தொடங்க விட்டு, நாலைஞ்சு செக்கன் கழிச்சுத்தான் நடிகர்மாருக்கு அக்சன்.

இனித்தான் முக்கியமான விசயம், கமராவுக்கும் நடிகர்மாருக்கும் இடையால ஆள் குறுக்க போறது. இது இல்லாட்டி காட்சியில நெருக்கமே வராது, ஆனா பிழையான இடத்தில போனா வசனம் செத்துப் போகும். எங்கட காட்சியில சிநேகிதி "எங்கயடி இருந்தனி இவ்வளவு நாளும்?" எண்டு கேக்கிறா, அம்மா உடன பதில் சொல்லாம நிக்கிறா. ரெண்டாவது டேக்கில சரியா அந்த இடத்தில உமலோட ஒரு தம்பி குறுக்க போயிட்டான், அம்மாவின்ர முகமே தெரியேல்ல.

அதுக்குப் பிறகு 40 செக்கனுக்கு மூண்டு தரம் மட்டும் குறுக்க போறது எண்டு முடிவெடுத்தம். அம்மா உள்ள வரேக்க ஒண்டு, சிநேகிதி திரும்பிப் பார்க்க முதல் ஒண்டு, பதில் சொல்லி முடிச்சாப் பிறகு கடைசி. நேரத்தை எண்ணச் சொல்லேல்ல, வசனத்தைக் காதால கேட்டு வெளிக்கிடச் சொன்னது, ஏனெண்டா நடிகர்மார் ஒவ்வொரு டேக்கிலயும் ஒரே வேகத்தில கதைக்கிறேல்ல. ஒவ்வொரு டேக்கிலயும் அதே ஆள் அதே வசனத்தில போனாத்தான் தூரத்தில எடுத்ததையும் கிட்டத்தில எடுத்ததையும் எடிட்டிங்கில ஒட்டலாம், இல்லாட்டி ஒரு ஷொட்டில நிக்கிற ஆள் அடுத்ததில மறைஞ்சு போவார். கமராவுக்குக் கிட்டவாப் போறவர் வழமையா நடக்கிறதிலும் மெதுவாப் போகவேணும், கிட்டவாப் போற உருவம் திரையில சட்டெண்டு வெட்டிப் போற மாதிரித் தெரியும்.

சத்தமும் பெரிய தலையிடி. பின்னால கதைக்கிறவை குசுகுசுக்கவும் கூடாது, மைக் அதையும் இழுக்கும், வாய் மட்டும் அசையவேணும். "கதையுங்கோ" எண்டு மட்டும் சொன்னா கையை வீசி வீசி நடிப்பினம், அதால ரெண்டுபேருக்கு ஒரு கதை குடுக்கிறது, மீன் விலை ஏறினதை ஒராள் சொல்ல மற்றவர் கேக்கிறது எண்டு. சொப்பிங் பாக் சரசரக்கும், எல்லாத்தையும் துணிப்பையா மாத்தினம். எடுத்து முடிய கமராவை நிப்பாட்டிட்டு எல்லாரையும் ரெண்டு மூண்டு நிமிசம் வாய்விட்டுக் கதைக்க, விலை கூவ விட்டு ஒலியை மட்டும் தனியா எடுத்தம்.

உடுப்பை முதல்நாளே சொல்லிப் போடுங்கோ. ஷூட்டிங் எண்டா எங்கட சனம் கோயிலுக்கு வாற மாதிரி வடிவா உடுத்துக்கொண்டுதான் வரும், அது எங்களுக்குத் தாற மரியாதை, அங்க வைச்சு மாத்தச் சொன்னா மனம் நோகும். சந்தைக்குப் போற உடுப்பு, கடும் சிவப்பும் பளிச்செண்ட வெள்ளையும் வேண்டாம் எண்டு சொன்னாக் காணும்.

நல்ல டேக் எண்டு நினைக்கிறதை ஒருக்கா சத்தத்தை நிப்பாட்டிட்டு, நடிகர்மாரைப் பார்க்காம பின்னால மட்டும் பாருங்கோ. கண் திரும்பத் திரும்ப ஒராளிட்டயே போகுதெண்டா அவரின்ர வேலையைக் குறைக்கவேணும், இல்லாட்டி இடத்தை மாத்தவேணும். எங்கட ஐஞ்சாவது டேக்கில அப்பிடிக் கண் போனது அந்த வெண்டிக்காய் அக்காவிட்டத்தான். அவவை அம்மாவின்ர தோளுக்குப் பின்னால இருந்து ரெண்டு கடை தள்ளி வைச்சம், முறிக்கிறது அப்பிடியே இருக்கட்டும் எண்டு விட்டம்.