கன்பன் அறிவிப்புப் பலகை அல்ல

சென்ற மாதம் இராமநாதபுரத்தில் சிறுதொழில் செய்வோருக்கான ஒருநாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். வேலை தேங்காமல் ஓட வைக்கும் முறைகள் பற்றிக் கையில் கொடுத்த குறிப்பின் முதல் பக்கத்திலேயே ‘கன்பன் என்னும் அறிவிப்புப் பலகை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பயிற்சி அளித்தவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் அதைப் பதினொரு முறை சொன்னார். எண்ணினேன். பன்னிரண்டாவது முறை சொல்வதற்குள் டீ வந்துவிட்டது. அன்று வாயைத் திறக்காமல் வந்ததற்குப் பரிகாரமாக இதை எழுதுகிறேன்.

ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்கு முழுகியது. தங்கச்சிமடத்தில் ஒரு மாடி அறையில் ஐந்து பேர் சேர்ந்து குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர் செய்கிறோம். ஓர் அத்தியாயம் ஏழு நிமிடம், ஏறக்குறைய 60 ஷாட். அதில் ஒன்றில் இந்த ‘அறிவிப்புப் பலகை’ எங்களை எப்படிக் கவிழ்த்தது என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன் சொல்லின் பிறப்பு.

கன்பன் ஜப்பானியச் சொல். இரண்டு எழுத்துகள் சேர்ந்தது. ‘பன்’ என்றால் பலகை. ‘கன்’ என்றால் பார்த்தல்; அந்தச் சித்திர எழுத்தில் கண்ணுக்கு மேலே ஒரு கை இருக்கிறது. வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக் கடலைப் பார்க்கும் பெரியவரைப் பாம்பன் கரையில் எந்த நாளும் காணலாம், அதே கை. கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைக்கு ஜப்பானில் இன்றும் இதுதான் சொல். அவர்கள் பேசும்போது பகரத்துக்கு முன்னுள்ள னகரம் மகரமாக ஒலிப்பதால் ஏறக்குறைய ‘கம்பன்’ என்றே காதில் விழும். எங்கள் வீட்டுக் கட்டுத்தறி இன்னும் கவி பாடவில்லை.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவிட்டார். பெயர்ப்பலகை என்று பார்த்தார், அறிவிப்புப் பலகை என்று எழுதினார், கூலியை வாங்கிக்கொண்டார். ஆனால் நாம் கடன் வாங்கியது கடைவாசல் சொல்லை அல்ல. டொயோட்டா தொழிற்சாலையின் சொல்லை. அங்கே 1950களில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் அதற்கு வேறு வேலை கொடுத்தார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்குத்தான் அலமாரியை மீண்டும் நிரப்புகிறார்கள் என்பதிலிருந்து அவருக்குக் கிடைத்த யோசனை அது. உதிரிபாகம் இருக்கும் பெட்டியோடு ஒரு சீட்டும் போகும். அடுத்த பகுதிக்காரர் பெட்டியை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியதும் சீட்டு முந்தைய பகுதிக்குத் திரும்பி வரும். சீட்டு வந்தால் இன்னொரு பெட்டி செய்யலாம். வராவிட்டால் ஆளும் இயந்திரமும் சும்மா இருந்தாலும் செய்யக் கூடாது. அந்தச் சீட்டின் பெயர்தான் கன்பன். பலகை பிற்பாடு, மென்பொருள்காரர்கள் கையில் பெரிதானது. சீட்டுகளை ஒட்டிவைக்கும் சுவர், அவ்வளவே.

ஆக, கன்பன் சேதி சொல்வதில்லை. இசைவு தருகிறது, அல்லது தர மறுக்கிறது. இந்த வேறுபாட்டை எங்கள் கரையில் யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள், அது அறிவிப்பு. விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமானால் மீன்வளத் துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்க வேண்டும், அது இசைவு. காற்று மிரட்டினால் டோக்கன் தர மாட்டார்கள், படகுகள் கரையில் நிற்கும். இராமேஸ்வரத்தில் விசைப்படகு வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் பயிற்சிக் குறிப்பைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, “கூண்டைப் பார்த்துப் போவதா வேண்டாமா என்று நாம் யோசிக்கலாம் அம்மா. டோக்கன் இல்லையென்றால் யோசிக்கவே வேலை இல்லை” என்றார். உவமை அதுவரைதான்; எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று டோக்கன் சொல்லாது. ஆனால் கிளம்புவதை அது பிடித்து வைக்கிறது. கூண்டுக்கு அந்தப் பிடி கிடையாது.

இனி எங்கள் கதை. பலகையில் ஒரு ஷாட்டுக்கு ஒரு சீட்டு. லேஅவுட், அசைவு, சரிபார்ப்பு, கூட்டிணைப்பு, முடிந்தது என்று கட்டங்கள். மூன்று அனிமேட்டர்கள் ஆளுக்கு இரண்டு என நாளொன்றுக்கு ஆறு ஷாட் முடித்தார்கள். சரிபார்ப்பது நான். குரல் பதிவையும் நானே பார்ப்பதால் என்னால் நாளொன்றுக்கு நான்கு ஷாட்தான் பார்க்க முடிந்தது. கணக்கு எளிது: தினமும் இரண்டு சீட்டு என் கட்டத்தில் தேங்கும். ஒன்பதாம் நாள் மாலை அங்கே 18 சீட்டுகள் இருந்தன. ஐந்து பேரும் தினமும் அதைப் பார்த்தோம். அறிவிப்புப் பலகை பார்ப்பதற்குத்தானே? பார்த்துவிட்டு அவரவர் நாற்காலிக்குப் போனோம்.

பத்தாம் நாள் காலை 37ஆவது ஷாட்டைத் திறந்தேன். பையன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோரம் நடக்கிறான். முந்தைய ஷாட்டில் வலை வலது தோளில் இருந்தது. இதில் இடது தோளில். திரும்பி நடக்கும் பையனைப் புதிதாக வரையாமல் பாத்திர அமைப்பைக் கண்ணாடியில் காட்டியதுபோல் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். கூடவே வலையும் தோள் மாறிவிட்டது. சட்டைப் பையும் மாறியிருந்தது, அதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். ஏழாம் நாள் காலையில் பிறந்த பிழை பத்தாம் நாள் என் கண்ணில் படுகிறது. இடையில் குவிந்த 18 ஷாட்டில் 13இல் பையன் அந்தப் பக்கமாகவே நடக்கிறான். பதின்மூன்றையும் பிரித்தோம். தோளிலிருந்து வலையைக் கழற்றி மறுதோளில் ஏற்றினால் கை அசைவும் மாற வேண்டும்; பாதிக்கு மேல் புதிய வேலைதான்.

இதில் வேகமாக ஓடியதால் கிடைத்த லாபம் என்ன என்று பிறகு யோசித்தேன். ஒன்றுமில்லை. நான் நாளுக்கு நான்கு பார்த்தால் 60 ஷாட்டுக்குப் பதினைந்து நாள். அனிமேட்டர்கள் ஆறு செய்தாலும் பத்து செய்தாலும் அதே பதினைந்துதான். கூடுதலாகச் செய்ததெல்லாம் ஐஸ் இல்லாமல் படகில் அள்ளிப் போட்ட மீன்.

ஆகவே ‘அறிவிப்புப் பலகை’ வெறும் சுவையற்ற மொழிபெயர்ப்பு அல்ல. கருவியின் பல்லைப் பிடுங்கும் மொழிபெயர்ப்பு. ‘பணிப்பலகை’ என்று சிலர் எழுதுகிறார்கள். தமிழாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சுவரின் பெயர். சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. கணக்குப்பிள்ளை இல்லாத கடையில் கல்லாவுக்கு மட்டும் பெயர் சூட்டிய கதை. ‘காட்சிப்பலகை’ என்று ஒருவர் எழுதியதைப் படித்தபோது நகைக்கடை நினைவுதான் வந்தது.

என் பரிந்துரை ‘இசைவுச் சீட்டு’. ‘அனுமதிச் சீட்டு’ என்றாலும் பொருள் கெடாது. ஆனால் திரையரங்கு வாசலில் அந்தச் சொல்லை மக்கள் ஏற்கெனவே கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். இசைவு என்பதில் இரண்டு தரப்பு இருக்கிறது: அடுத்தவர் கை காலியாகி இசைந்தால்தான் நான் தொடங்க முடியும். கன்பனின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சீட்டு தனித்தமிழா என்று ஒரு நண்பர் புருவத்தை உயர்த்தினார். ‘முறி’ என்று வைக்கச் சொன்னார். முறி நல்ல பழஞ்சொல்தான், ஓலையில் எழுதிக் கொடுத்த ஆவணத்தைக் குறித்தது. இலங்கையில் பிணைமுறி என்று இன்னும் வழங்குகிறது. ஆனால் அனிமேட்டர் பையனிடம் “முறியை எடு” என்றால் எதையாவது உடைத்துவிடுவான். ஏலச்சீட்டும் துண்டுச்சீட்டும் மருந்துச்சீட்டும் புழங்கும் வீட்டில் சீட்டுக்கு யாரும் குடியுரிமை கேட்க வேண்டாம். தூய்மைக்கு நான் எதிரி அல்ல. தூய்மை, தெளிவு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் தெளிவை எடுத்துக்கொள்வேன்.

இதே குறிப்பில் இன்னொரு கொடுமை: செய்துகொண்டிருக்கும் வேலைக்கு ‘முன்னேற்றத்தில் உள்ள வேலை’. மூன்று நாளாகத் தோள் மாறிய வலையோடு என் கட்டத்தில் கிடந்த ஷாட் எதில் முன்னேறியது? ‘கையிலுள்ள வேலை’ என்று எங்கள் வீட்டுப் பெண்களும் ஆண்களும் தினமும் சொல்கிறார்கள், அது மொழிபெயர்ப்பாளர் காதில் மட்டும் விழுவதில்லை. ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் இத்தனை வேலைதான் இருக்கலாம் என்று போடும் மேல்வரம்பை ‘நடப்புப் பணி எல்லை’ என்று எழுதிவிட்டு, எந்த நாட்டு எல்லை என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். கட்டத்தின் ‘கொள்ளளவு’ என்றால் போதும். அணைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் உள்ள சொல். நிரம்பினால் வழியும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது எங்கள் சுவரில் ஓர் ஆணி. அதில் ஏழு அட்டைச் சீட்டுகள். ஏழு ஏன் என்றால், மூன்று பேர் கையில் ஆளுக்கொன்று, என் கட்டத்தின் கொள்ளளவு நான்கு. ஷாட் தொடங்குபவர் ஆணியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஷாட்டோடு வைக்க வேண்டும். நான் பார்த்து முடித்ததும் சீட்டு ஆணிக்குத் திரும்பும். இனி தோள் எப்படி மாறினாலும் ஏழு ஷாட்டுக்கு மேல் கெடாது, காத்திருப்பும் ஒரு நாளைத் தாண்டாது. எல்லாவற்றுக்கும் இது பொருந்துவதில்லை. குரல் பதிவு அத்தியாயம் முழுவதற்கும் ஒரே மூச்சில் நடப்பது. அதை ஷாட் சீட்டாக உடைத்துப் பார்த்தோம், குழப்பம்தான் மிஞ்சியது, தனியே எடுத்துவிட்டோம். பன்னிரண்டு நொடி அலைக்காட்சியும் இரண்டு நொடி முகக்காட்சியும் ஒரே சீட்டாக எண்ணப்படுவதும் உறுத்துகிறது. பெரியதை இரண்டாக வெட்டுகிறோம்.

ஆணி காலியாக இருக்கும்போது அனிமேட்டர்களில் ஒருவர் என் பக்கம் வந்து பாத்திர அளவுத்தாளை வைத்து முதல் சுற்றுச் சரிபார்ப்பைச் செய்கிறார். அதற்குப் பிறகு நாளொன்றுக்கு நான் பார்க்கும் நான்கு ஐந்தாகியிருக்கிறது.

‘இசைவுச் சீட்டு’ என்று ஏழு அட்டையிலும் நானே எழுதி, ஓரத்தில் சின்னப் படகும் வரைந்து வைத்தேன். புதன்கிழமை காலை எல்லோருக்கும் இளைய பையன் வந்தான், வெறும் ஆணியைப் பார்த்தான், பையைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

“என்ன அக்கா, இன்றைக்கு டோக்கன் கிடையாதா?”