36 லட்சம் எப்படி 27 ஆனது: சிறு தொழிலை வாங்கும்முன் போடும் கணக்கு

சிறு தொழிலை விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் விலை சொல்வார்கள்: "ஆண்டு வருமானம் 36 லட்சம், மூன்று மடங்கு கொடுங்கள்." வாங்க வருபவர் உடனே அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டரைக்குக் குறைக்க முடியுமா என்று பேரம் பேசுவார். அவர் முதலில் தோண்ட வேண்டியது அந்த 36-ஐ.

மல்டிபிள் என்கிற இந்த மடங்கு, வருமான விகிதத்தைத் தலைகீழாகப் போட்டது. மூன்று மடங்கு கொடுத்தால், போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 33 சதவீதம் எதிர்பார்க்கிறோம். இவ்வளவு எதிர்பார்ப்பதற்குக் காரணம் பேராசை அல்ல. சிறு தொழிலில் உரிமையாளர் போனதும் வாடிக்கையாளரும் போய்விடலாம். அந்த ஆபத்து கூடக்கூட மடங்கு இறங்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு. இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சிறு நிறுவனம். வரிக்கு முந்தைய லாபம் ஏட்டில் 18 லட்சம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். இதோடு விற்பவர் தன் சம்பளம் 6, நிறுவனக் கணக்கில் ஓடும் குடும்பக் காரும் போனும் 2, கடன் வட்டி 3, தேய்மானம் 4, 'ஒருமுறை வந்த' பழுதுச் செலவு 3 எல்லாவற்றையும் கூட்டுகிறார். மொத்தம் 36. தொழிலைத் தானே நடத்தும் ஒருவர் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பதைத்தான் இந்தக் கூட்டல் காட்ட முயல்கிறது. இதை உரிமையாளர் வருவாய் என்போம். முறை சரிதான். உள்ளே போட்ட எண்கள்தான் சிக்கல்.

அந்தப் பழுதுச் செலவை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுப் பேரேட்டையும் பக்கத்தில் வைத்துப் புரட்டினால், இந்த ஆண்டு கம்ப்ரசர், போன ஆண்டு வேன் எஞ்சின், அதற்கு முந்தைய ஆண்டு மின்மோட்டார். பெயர்தான் மாறுகிறது, தொகை ஏறத்தாழ அதேதான். ஆண்டு தவறாமல் வரும் 'ஒருமுறைச் செலவு' வழக்கமான செலவே. 3 போனது.

அடுத்து, ஏட்டில் இல்லாத செலவுகள். விற்பவர் இவற்றைச் சொல்லமாட்டார். பொய் சொல்கிறார் என்றில்லை, அவருக்கே அவை செலவாகத் தெரிவதில்லை. பட்டறை அவருடைய சொந்த இடம், வாடகை கிடையாது. நாம் வாங்கினால் சந்தை வாடகை 4 தர வேண்டும். மனைவி சம்பளமில்லாமல் கணக்கு எழுதுகிறார். வேறொருவரை வைத்தால் 2. மீதி 27. இரண்டரை மடங்கு என்றால் 67.5 லட்சம். விற்பவர் கேட்டது 108. இடைவெளியில் பாதிக்கு மேல் மடங்கால் வந்ததல்ல, தோண்டியதால் வந்தது.

இங்கே ஒரு பொறி. பெரிய நிறுவனங்களுக்குச் சொல்லும் மடங்கு எபிட்டாவின் மேல், அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தின் மேல் போடுவது. அதில் நிர்வாகியின் சம்பளம் ஏற்கெனவே கழிந்திருக்கும். நம் கணக்கில் சம்பளத்துக்கு ஒரு மேலாளரை வைக்க 10 ஆகும் என்றால் எபிட்டா 17தான். 67.5 என்பது அதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. "இந்தத் துறையில் நான்கு மடங்கு போகிறது" என்று காதில் விழுந்ததை 27-இன் மேல் போட்டால், வந்து நிற்பது மறுபடியும் 108! மடங்கைக் கேட்டால், எதன் மடங்கு என்றும் கேளுங்கள்.

விலை தாங்குமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 17-இல் தேயும் கருவிகளை மாற்ற ஆண்டுக்கு 3 ஒதுக்கினால் 14 மிஞ்சும். கையிலிருந்து 25 போட்டு, மீதி 42.5-ஐ 12 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால், ஆண்டுத் தவணை 11-க்குச் சற்று மேல். வரியை இன்னும் கழிக்கவில்லை, ஆனாலும் மூச்சு விடலாம். 108-க்கு வாங்கினால் தவணை 22. தொழில் அதைக் கட்டாது. வாங்கியவரின் சேமிப்புதான் கட்டும்.

முன்மொழிவில் இந்தத் திருத்தங்களை வரிவரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆதாரமாகப் பேரேட்டுப் பக்கத்தையோ வங்கிப் பட்டியலையோ இணைப்பேன். "விலை அதிகம்" என்றால் விற்பவருக்குக் கோபம் வரும். "வாடகை 4 விடுபட்டிருக்கிறது" என்றால் அவர் வாடகையைப் பற்றிப் பேசியாக வேண்டும். அன்றாடம் ஓட்டத் தேவையான சரக்கும் விலைக்குள் அடக்கம், பழைய கடன் விற்பவர் பொறுப்பு என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும்.

விற்பனையில் பாதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதென்றால், மடங்கைக் குறைப்பதைவிட எனக்குப் பிடித்தது வேறு வழி. 67.5-இல் 12.5-ஐ நிறுத்திவைத்து, அந்த வாடிக்கையாளர் தொடரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கால் பங்காக நான்கு ஆண்டுகளில் தருவது. அவர் நிச்சயம் போகமாட்டார் என்று உறுதியாக நம்பும் விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டால், அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்பேன்.