படிச் சுவரில் படம் மாட்டும்போது நிழலையும் பாருங்கள்

எங்கள் மாடிப்படிச் சுவரில் ஒன்பது குடும்பப் படங்கள் மாட்டினோம். அவை பளிச்சென்று தெரியட்டும் என்று மேல்படிக்கு நேர் மேலே ஒரு விளக்கும் வைத்தோம். அந்த வாரமே, ராத்திரி தண்ணீர் குடிக்க இறங்கியபோது ஒரு படி இருப்பதே தெரியாமல் காலை வைத்துவிட்டேன். நல்லவேளை, கைப்பிடி கையில் இருந்தது.

காரணம் என் நிழல்தான். எங்கள் படி ஒவ்வொன்றும் 17 செ.மீ. உயரம், பாதம் வைக்கும் இடம் முன்பின்னாக 25 செ.மீ. விளக்கு 220 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, நான் 160 செ.மீ. இரண்டு படி இறங்கி நின்றால் விளக்கு எனக்குப் பின்னால் போய்விடுகிறது. நிழல் முன்னே சுமார் 130 செ.மீ. விழுகிறது. அதாவது, அடுத்து மிதிக்கப்போகும் ஐந்து படிகளை நானே மறைத்துக்கொள்கிறேன்.

சரி, விளக்கைக் கீழே லேண்டிங் பக்கம் மாற்றினால் நிழல் முதுகுக்குப் பின்னால் போகும். ஆனால் பல்ப் நேராகக் கண்ணில் பட்டால் கண் கூசி, படி இன்னும் இருட்டாகத் தெரியும். அதனால் மூடி போட்ட விளக்காக இருக்க வேண்டும். அதோடு, படியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கீழ்நோக்கி ஒளி விழும் சின்ன விளக்குகளைச் சுவரோரம் வைத்தோம். படியின் விளிம்பு இப்போது தனியாகத் தெரிகிறது. மேலும் கீழும் டூ-வே சுவிட்ச் இல்லாவிட்டால் இதெல்லாம் வீண்.

படத்தின் கண்ணாடியும் விளக்கைத் திருப்பி அடிக்கும். மாட்டுவதற்கு முன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படம் வரும் இடத்தில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் இறங்கிப் பாருங்கள். பல்ப் அதில் தெரிந்தால் படத்திலும் தெரியும். படத்தை நகர்த்துங்கள், அல்லது பளபளப்பில்லாத அக்ரிலிக் போடச் சொல்லுங்கள். விழுந்தாலும் அது கண்ணாடி மாதிரிச் சிதறாது.

படங்களின் வரிசை படியின் சாய்விலேயே போக வேண்டும். மூன்று படிக்கு ஒரு படம் என்றால், பக்கவாட்டில் 75, மேலே 51 செ.மீ. தள்ளி அடுத்தது. படத்தின் நடுப்பகுதி படி விளிம்பிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் பார்க்க வசதி. தடிமன் 3 செ.மீ.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றடி அகலப் படியில் துணிக்கூடையோடு வருபவரின் தோள் சுவரை உரசத்தான் செய்யும். ஒற்றை ஆணியில் தொங்கினால் படம் அப்போதே கோணும். நாங்கள் பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை துளையிட்டு, பிளக் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகு போட்டோம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் மட்டும் துளை போடாதீர்கள், ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.

நின்று பார்க்க வைக்கும் படங்களுக்குச் சமதளமான லேண்டிங்தான் இடம். தாத்தா படத்தை அங்கே கொண்டுவந்துவிட்டோம். அதற்குச் சுற்றியிருந்த சீரியல் பல்ப் ஒயர் தரையில் வளைந்து கிடந்தது. அப்புறம் அதையும் சுவரோடு கிளிப் அடித்தோம்.