நடுநிலை வேறு, சமநிலை வேறு

கலைக்களஞ்சியக் கட்டுரைகளின் வரைவைச் சரிபார்ப்பவர்கள் அண்மைக்காலமாக ஒரே குறிப்பைத் திரும்பத் திரும்ப எழுதிவருகிறார்கள்: “கட்டுரை சமநிலையில் இல்லை. சமநிலைப்படுத்தவும்.” அவர்கள் சொல்ல நினைப்பது நடுநிலை. எழுதுவது சமநிலை. சொல் மாறியதால் வேலையே மாறிப்போகிறது என்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தில் நியூட்ரல் என்பது இலத்தீனின் நியூட்டர் என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘இரண்டில் எதுவும் அன்று’ என்பது அதன் பொருள். தமிழில் இதற்கு நேராக நிற்கும் பழஞ்சொல் நொதுமல்: பகையும் இல்லை, நட்பும் இல்லை, அயல். ஆனால் நம்மிடம் அதைவிட அகலமான சொல் ஒன்று இருக்கிறது. பட்டினப்பாலை வணிகரை “நடுவு நின்ற நன்னெஞ்சினோர்” என்கிறது. குறளில் நடுவு நிலைமை என்று ஓர் அதிகாரமே உண்டு. பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்று பகுதியிலும் அறத்தின் வழுவாமல் ஒப்ப நிற்கும் நிலை என்று அதற்குப் பரிமேலழகர் பொருள் சொல்கிறார். அயலாராக ஒதுங்கியிருப்பது நொதுமல். வேண்டியவர், வேண்டாதவர், அயலார் ஆகிய மூவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது நடுவுநிலை. கட்டுரை எழுதுபவருக்கு வேண்டியது இரண்டாவதுதான். விக்கிப்பீடியா 2001இல் தொடங்கிய காலத்திலிருந்தே கடைப்பிடித்துவரும் கொள்கைக்கும் ‘நடுநிலை நோக்கு’ என்ற பெயரே பொருத்தம்.

‘சமநிலை’ எங்கிருந்து நுழைந்தது? ஆங்கிலத்தில் பேலன்ஸ்டு என்று ஓரிடத்தில் பார்த்தவர்கள், அதை நியூட்ரலுக்கு மாற்றுச்சொல் என்று எடுத்துக்கொண்டார்கள். சமன் என்றதும் தமிழ்க் காது கேட்பது ‘இரு பக்கமும் ஒரே அளவு’. அதன் விளைவை நேரிலேயே பார்க்கலாம்.

ஒரு தலைத்தைல நிறுவனத்தைப் பற்றிய வரைவு என்று வைத்துக்கொள்வோம். அது இப்படித் தொடங்குகிறது: “முடிவளர்ச்சித் துறையில் முன்னணி நிறுவனமாகப் போற்றப்படும் இது, பாரம்பரிய அறிவையும் நவீன அறிவியலையும் இணைத்து இலட்சக்கணக்கானோரின் நம்பிக்கையைப் பெற்றுள்ளது.” சரிபார்ப்பவர் ‘சமநிலைப்படுத்தவும்’ என்று எழுதுகிறார். எழுதியவர் கீழ்ப்படிகிறார்: கட்டுரையின் கடைசியில் ‘விமர்சனங்கள்’ என்று ஒரு தலைப்பைப் போட்டு, “சிலர் இதன் விலை அதிகம் என்கின்றனர்” என்று சேர்க்கிறார். சான்று எதுவும் இல்லை. முன்பு சான்றில்லாத புகழ்ச்சி மட்டும் இருந்தது. இப்போது சான்றில்லாத பழியும் சேர்ந்துவிட்டது. விளம்பர வாக்கியமோ ஓர் எழுத்தும் மாறாமல் மேலேயே நிற்கிறது. எழுதியவர் மேல் குற்றமில்லை. அவரிடம் சமன் செய்யச் சொன்னார்கள், செய்துவிட்டார்.

நடுநிலைப்படுத்தச் சொல்லியிருந்தால் செய்ய வேண்டியது வேறு. முதலில் ‘போற்றப்படும்’ என்பதைப் பிடிக்க வேண்டும். யார் போற்றினார்? செய்தவரை மறைக்கும் ‘கருதப்படுகிறது’, ‘அறியப்படுகிறது’, ‘போற்றப்படுகிறது’ ஆகிய மூன்றும்தான் தமிழில் விளம்பரம் ஒளிந்துகொள்ளும் வழக்கமான இடங்கள். யார் என்று எழுத முடியாவிட்டால் வாக்கியமே போக வேண்டும். ‘முன்னணி’ என்றால் எதில், எந்த ஆண்டில், யார் கணக்கில்? பதில் இல்லையென்றால் அதுவும் போகும்.

அடுத்து சான்றுகள். வரைவில் ஐந்து இணைப்புகள் இருக்கின்றன. ஒன்று நிறுவனத்தின் சொந்தத் தளம். அதில் தொடங்கிய ஆண்டு போன்ற சர்ச்சையற்ற தகவலை எடுக்கலாம், பெருமையை எடுக்க முடியாது. மூன்று இணைப்புகள் மூன்று செய்தித்தளங்கள். எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒன்றே. செய்தியாளர் பெயர் இல்லை, கடைசிப் பத்தியில் ‘நிறுவனத்தைப் பற்றி’ என்று ஓர் அறிமுகம். இது நிறுவனமே அனுப்பிய செய்திக்குறிப்பு. மூன்று இடத்தில் வந்தாலும் பேசும் வாய் நிறுவனத்துடையதுதான், சார்பற்ற சான்றாக ஒன்றுகூடத் தேறாது. ஐந்தாவது இணைப்பில், நிறுவனத்தோடு தொடர்பில்லாத செய்தியாளர் ஒருவர், முடி வளரும் என்ற விளம்பரத்தை ஒழுங்குமுறை அமைப்பு திரும்பப் பெறச் சொன்னதாகத் தன் பெயரோடு எழுதியிருக்கிறார்.

இப்போது வரைவில் மிஞ்சுவது: எந்த ஆண்டு தொடங்கியது, என்ன தயாரிக்கிறது, அதன் எந்த விளம்பரத்தை ஒழுங்குமுறை அமைப்பு திரும்பப் பெறச் சொன்னது. நிறுவனத்துக்கு இது பிடிக்காது. படிப்பவருக்கும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாகத் தோன்றலாம். ஆனாலும் இதுதான் நடுநிலை, ஏனென்றால் சார்பற்ற சான்று சொல்வது அவ்வளவுதான். “சமன்செய்து சீர்தூக்கும் கோல்” என்ற குறளுக்குப் பரிமேலழகர் எழுதும் விளக்கத்தைக் கவனியுங்கள்: துலாம் முன்னே தான் சமமாக நின்று, பின் தன்மேல் வைத்த பாரத்தை வரையறுக்கிறது. சமன் என்பது பொருளை வைப்பதற்கு முன் கோல் நிற்கும் நிலை. வைத்த பிறகும் சமமாகவே காட்டும் கோல் பழுதான கோல். ‘சமநிலைக் கட்டுரை’ கேட்பவர்கள் அந்தப் பழுதைத்தான் கேட்கிறார்கள்.

இதன் கேடு தைலத்தோடு நிற்பதில்லை. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாக எண்ண வைத்த கட்டுரையை 1998இல் லான்செட் இதழ் வெளியிட்டது. 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அத்தகைய தொடர்பு இல்லை என்று பெரிய ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. சமநிலை என்ற சொல்லை நம்பி எழுதினால் அந்தப் பக்கத்துக்கு ஒரு பத்தி, இந்தப் பக்கத்துக்கு ஒரு பத்தி. படிப்பவர் ‘இன்னும் முடிவாகவில்லை போலும்’ என்று எண்ணிக்கொண்டு போவார். நடுநிலையாக எழுதினால், அந்தக் கட்டுரை வந்ததும் திரும்பப் பெறப்பட்டதும் வரலாறாக ஓரிடத்தில் நிற்கும், ஆய்வுகளின் முடிவு கட்டுரையின் போக்கைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு கருத்துக்கும் நம்பத்தகுந்த சான்றுகள் தரும் எடைதான் அதற்கு உரிய எடை.

‘பக்கச்சார்பற்ற’ என்பதையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். பொருள் சரிதான், எனக்குப் பகையில்லை. ஆனால் ‘அற்ற’ என்று முடிவதால் எதை நீக்குவது என்று மட்டும் சொல்கிறது, எதைக் கொண்டு அளப்பது என்று சொல்வதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் ஒரு குறை இன்னும் உண்டு. ஆங்கில வரைவில் ‘சொன்னார்’ என்று வெறுமனே இருப்பதைத் தமிழில் அழகுபடுத்துகிறார்கள். ‘சுட்டிக்காட்டினார்’ என்றால் சொன்னது உண்மை என்று நாமே சான்று சொல்கிறோம். ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் குற்றம் இருந்தது என்கிறோம். ‘கூறிக்கொள்கிறார்’ என்றால் பொய் என்று சந்தேகம் கிளப்புகிறோம். மூன்றிலும் கட்டுரை எழுதியவர் சத்தமில்லாமல் தீர்ப்பு எழுதிவிடுகிறார். ‘கூறினார்’ என்றே திரும்பத் திரும்ப வந்தால் நடை சலிப்பூட்டும் என்கிறார்கள். சலிக்கட்டும்.

சரிபார்ப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். ‘சமநிலைப்படுத்தவும்’ என்று எழுதும் இடத்தில், “முதல் வாக்கியத்தில் போற்றியவர் யார் என்று இல்லை. இரண்டு, மூன்று, நான்காம் இணைப்புகள் ஒரே செய்திக்குறிப்பு. நடுநிலை நோக்கில் திருத்தவும்” என்று எழுதுங்கள்.